மாவு லைனை மூடலாமா? மாசம் 3,700 வெள்ளி நட்டம்னு கணக்கர் சொல்றாரு

சிப்புட் மாவுக்காரன், 2 ஆகஸ்ட் 2025, இரவு 10.40

சுங்கை சிப்புட்ல சின்ன பட்டறை. அப்பா காலத்துல முறுக்கு மட்டும்தான். 2019-ல நான் இட்லி தோசை மாவையும் ஆரம்பிச்சேன். முன்பக்கம் முறுக்கு அடுப்பு, பின்பக்கம் கிரைண்டரும் குளிர் அறையும். தோட்டத்துப் பக்கக் கடைகள், கோலகங்சார், ஈப்போவுல சில கடைகள், இவ்வளவுதான் நம்ம உலகம்.

நேத்து கணக்கர் ஒரு தாள் குடுத்தாரு. மாவு மாசம் 5,000 பாக்கெட், ஒண்ணு 3.80 வெள்ளின்னு 19,000. அரிசி, உளுந்து, வெந்தயம், பை எல்லாம் சேர்ந்து பாக்கெட்டுக்கு 2.40, ஆக 12,000 போயிடுது. மிச்சம் 7,000. அதுல இருந்து கழிக்கிறது கீழே:

கடை வாடகை மாவின் பங்கு 1,200 (மொத்தம் 3,000, இடம் அளந்து 40 விழுக்காடு)
மாவுப் பக்கம் ரெண்டு ஆள் 4,140 (இபிஎஃப், சொக்சோ உட்பட)
டிரைவர் சம்பளத்துல பாதி 1,100
குளிர்சாதன வேன் தவணை 950
கரண்டு 1,600
ஆபீஸ், லைசன்ஸ், கணக்கர் கட்டணம் பங்கு 1,000
தேய்மானம் 710

மொத்தம் 10,700. ஆக 3,700 நட்டம். "முறுக்கு சம்பாதிக்கிறதை மாவு சாப்பிடுது, மூடிடுங்க"ன்னு சொல்லிட்டாரு. காலையில மூன்றரைக்கு எழுந்து மாவு ஆட்டுறது நான். மூடுனா தூக்கமாவது வரும். ஆனா மனசு ஒப்பல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

லோரிக்காரன், 2 ஆகஸ்ட், இரவு 11.15

கம்பெனிய மூடணும்னா முதல்ல வருமான வரியை முடிச்சிடு தம்பி. அப்புறம்தான் எஸ்எஸ்எம்-க்குப் போகணும். என் மச்சான் அப்படியே விட்டுட்டு வருஷா வருஷம் அபராதம் கட்டினான்.

சிப்புட் மாவுக்காரன், 2 ஆகஸ்ட், இரவு 11.22

அண்ணே, கம்பெனி இருக்கும். மாவை மட்டும்தான் நிப்பாட்டலாமான்னு கேக்குறேன்.

லோரிக்காரன், 2 ஆகஸ்ட், இரவு 11.30

அப்படியா. வேனை விக்கிறதா இருந்தா சொல்லு.

கணக்கு படிக்கும் பையன், 3 ஆகஸ்ட், காலை 8.05

இது எங்க பாடத்துல நேரா வர்ற கேள்வி. 3.80-க்கு விக்கிறீங்க, பாக்கெட்டுக்கு 2.40 ஆகுது. ஒவ்வொரு பாக்கெட்டும் 1.40 கொண்டு வருது. நிலையான செலவு எப்படியும் இருக்கப் போவுது, அதைப் பாக்கவே கூடாது. அதனால மூடக் கூடாது, முடிஞ்சது.

சிப்புட் மாவுக்காரன், 3 ஆகஸ்ட், மதியம் 1.50

முடிஞ்சதா? குளிர் அறை கரண்டு உள்ள மாவு 10 பாக்கெட் இருந்தாலும் 1,000 பாக்கெட் இருந்தாலும் அதேதான். நிலையான செலவுதான். ஆனா மாவை நிப்பாட்டினா பிளக்கைப் பிடுங்கிடுவேனே? அதையும் பாக்கக் கூடாதா? உங்க வாத்தியார்கிட்ட கேட்டுச் சொல்லுங்க தம்பி.

பெரிய கிராணி, 4 ஆகஸ்ட், மாலை 6.20

பையன் சொன்னதில் பாதி சரி. பாக்கெட்டுக்கு 1.40 வருகிறது என்பது சரி. நிலையான செலவெல்லாம் ஒரே மாதிரி என்பதுதான் தவறு. நிலையானது என்றால் பாக்கெட் எண்ணிக்கையோடு கூடிக் குறையாது, அவ்வளவுதான். லைனையே நிறுத்தினாலும் நிற்காது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நான் 31 வருடம் தோட்ட ஆபீசில் இருந்தேன். எண்பதுகளில் ஒரு டிவிஷனில் ரப்பரை நிறுத்திவிடலாம் என்று மேலே இருந்து கடிதம் வந்தது. ஏடுகளில் அந்த டிவிஷன் நட்டம்தான். பெரிய துரை பங்களா செலவு, தோட்ட ஆஸ்பத்திரி, ஆயாக் கொட்டகை, ஆபீஸ் கிராணிகள் சம்பளம் என எல்லாவற்றையும் ஏக்கர் கணக்கில் பிரித்து ஒவ்வொரு டிவிஷன் தலையிலும் வைத்திருந்தோம். வைத்தவனே நான்தான். ரப்பரை நிறுத்தினால் துரை பங்களாவில் ஒரு விளக்காவது அணையுமா? அணையாது. ஆனால் புகைக் கொட்டகைக்கு விறகு வாங்க வேண்டாம், பால் ஏற்றும் லோரி வேண்டாம், அங்கே இருந்த கங்காணிக்கு வேறு வேலை கொடுக்கலாம். அந்த மூன்றுதான் உண்மையான மிச்சம்.

ஆகவே தாளை மூடி வைத்துவிட்டு ரசீதுக் கட்டை எடுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் கேட்க வேண்டியது இதுதான்: ஒண்ணாம் தேதி மாவை நிறுத்தினால், இந்த ஆளுக்கு நான் கொடுக்கும் பணம் எவ்வளவு குறையும்? வீட்டுக்காரருக்கு உங்கள் 40 விழுக்காடு தெரியாது. அவருக்கு 3,000 வேண்டும்.

சிப்புட் மாவுக்காரன், 6 ஆகஸ்ட், இரவு 9.10

ஐயா சொன்ன மாதிரியே ரசீதுக் கட்டோட உக்காந்தேன். வாடகை குறையாது. கணக்கர் கட்டணம் ஒரு காசு குறையாது (அவர்கிட்டயே கேட்டேன், சிரிச்சாரு). டிரைவர் முறுக்குக்கும் வேணும். தேய்மானம் யாருக்கும் குடுக்குற பணமே இல்ல, 2019-ல போட்ட காசு. வேன் தவணை பேங்குக்கு, மாவு இருந்தாலும் இல்லேன்னாலும் கட்டணும்.

ஆள் ரெண்டு பேர்ல மூத்த அக்காவை அனுப்ப மாட்டேன், முறுக்கு சுத்துறதுல அவங்க கைக்கு ஈடு இல்ல, முன்பக்கம் போயிடுவாங்க. இன்னொருத்தர் செலவு 2,070 நிக்கும். கரண்டு 1,600 நிக்கும். மொத்தம் 3,670.

மாவு கொண்டு வர்றது 7,000. நிப்பாட்டினா மிச்சமாவது 3,670. அப்ப மாவு இருக்கிறதால மாசம் 3,330 லாபம்! 3,700 நட்டம்னு சொன்ன அதே மாவு! கணக்கருக்கு இன்னைக்கு ராத்திரி தூக்கம் வரக் கூடாது.

பந்திங் அக்கா, 7 ஆகஸ்ட், காலை 6.30

தம்பி, என் கதையைக் கேளு. அப்பளம், ஊறுகாய், மசாலாத்தூள் மூணும் போட்டேன். பொதுச் செலவு மாசம் 3,000, மூணு தலையிலயும் ஆயிரம் ஆயிரமா வச்சோம். அப்பளம் 300 நட்டம் காட்டுச்சு, மூடினேன். ஆனா அப்பளத்தோட ஆயிரம் எங்க போச்சு? எங்கயும் போகல. ஊறுகாய்க்கு 1,500, மசாலாவுக்கு 1,500. இப்ப ஊறுகாய் நட்டம். அதையும் மூடினேன். மசாலாத்தூள் தலையில மூணு பேர் பாரம், அதுவும் படுத்துடுச்சு. இப்ப நான் பேரப்பிள்ளைய பாத்துக்கிட்டு இருக்கேன்.

கணக்கு படிக்கும் பையன், 7 ஆகஸ்ட், காலை 9.40

அக்கா, அது பாடத்துல இருக்கு. ஆனா இவ்வளவு நல்லா எழுதல.

சிப்புட் மாவுக்காரன், 9 ஆகஸ்ட், இரவு 8.00

திருத்தம். கரண்டு 1,600-ங்கிறதும் கணக்கர் பிரிச்ச பங்குதான், நான் அதை அப்படியே எடுத்துட்டேன். வெட்கமா இருக்கு, வாடகையைப் பத்தி அவ்வளவு பேசிட்டு. வயர்மேன் ஒருத்தரைக் கூப்பிட்டு பின்பக்க லைனுக்கு மட்டும் தனி மீட்டர் போட்டேன், செலவு 180 வெள்ளி. ஒரு வாரம் ஓடினதை வச்சு மாசத்துக்குப் பாத்தா 1,050-தான் வருது. முன்பக்க காத்தாடி, வெளிச்சம், பேக்கிங் மெஷின் எல்லாம் மாவு தலையில ஏறி இருந்திருக்கு.

ஆக நிக்கிற செலவு 3,120. மாவுக்குச் சாதகம் 3,880. கூடிக்கிட்டே போவுது!

பெரிய கிராணி, 10 ஆகஸ்ட், மாலை 7.15

கூடிக்கொண்டே போகும்போதுதான் சந்தேகப்பட வேண்டும். நீங்கள் மாவுப் பக்கத்து வரிகளை மட்டும் பார்க்கிறீர்கள். மாவை நிறுத்தினால் நிற்கும் செலவு முறுக்குப் பக்கத்திலும் ஒளிந்திருக்கும். தாளில் டீசலைக் காணோம். வேன் தண்ணீரிலா ஓடுகிறது?

இன்னொன்று: கடைக்காரர்கள் மாவைத் திருப்பிக் கொடுப்பதே இல்லையா?

சிப்புட் மாவுக்காரன், 10 ஆகஸ்ட், இரவு 7.31

ஐயோ.

சிப்புட் மாவுக்காரன், 14 ஆகஸ்ட், இரவு 11.45

மூணு நாள் தேடினேன். டீசல் மொத்தம் மாசம் 1,400, முழுசும் முறுக்குக் கணக்குல. காரணம் ரொம்ப சாதாரணம். அப்பா காலத்துல இருந்து "வண்டிச் செலவு"ன்னு ஒரே வரி, அது முறுக்கு ஏட்டுலயே கிடக்குது. 2024 ஜூன்ல தீபகற்பத்துல டீசல் 3.35 ஆனப்ப முறுக்கு லாபம் ஏன் குறைஞ்சுதுன்னு மண்டைய உடைச்சுக்கிட்டோம். முறுக்கு வாரம் ரெண்டு நாள் போனாப் போதும். மாவாலதான் ஆறு நாள் ஓடுது. நடையை எண்ணிப் பாத்தா 900 மாவாலதான்.

திரும்பி வர்றது அதைவிட மோசம். மாசம் சுமார் 350 பாக்கெட் உப்பி, பொங்கி, இல்ல தேதி முடிஞ்சு வருது. அதுக்குக் கடைக்காரருக்குக் கழிச்சுக் குடுக்கிறது 1,330. தாள்ல 'தள்ளுபடி'ங்கிற பொது வரியில முறுக்கு தள்ளுபடியோட கலந்து கிடந்துச்சு.

3,880-ல 900 போனா 2,980. அதுல 1,330 போனா 1,650.

கணக்கர் மேல இருந்த கோபம் பாதி இறங்கிடுச்சு. அவர் தப்பா ஏத்துனாரு, ஆனா ஏத்த வேண்டியதை ஏத்தாமலும் விட்டிருக்காரு.

கணக்கு படிக்கும் பையன், 15 ஆகஸ்ட், காலை 10.00

வேன் தவணை 950-ஐ விட்டது சரிதான். அது மூழ்கின செலவு.

பெரிய கிராணி, 15 ஆகஸ்ட், மாலை 5.50

கொடுத்து முடித்த முன்பணம் மூழ்கியது. இனி கொடுக்கப் போகும் தவணை மூழ்கவில்லை, வேனை விற்று பேங்குக் கடனை அடைத்தால் நிற்கும். முறுக்குக்குக் குளிர் வேன் தேவையா?

சிப்புட் மாவுக்காரன், 15 ஆகஸ்ட், இரவு 9.20

தேவையில்ல. அப்பாவோட பழைய வேன் இன்னும் ஓடுது, கதவுதான் கயிறு கட்டி இருக்கு.

லோரிக்காரன், 16 ஆகஸ்ட், காலை 7.00

நான் அப்பவே கேட்டேன்! குளிர் வேனை விக்கும்போது எஞ்சினை மட்டும் பாக்க மாட்டாங்க தம்பி. பெட்டிக்குள்ள தண்ணி இறங்கியிருக்கான்னு தட்டிப் பாப்பாங்க. தட்டினா மொத்தையா சத்தம் வந்தா உள்ள நுரை ஊறிப் போச்சுன்னு அர்த்தம், விலை இறங்கும். கம்ப்ரசர் எத்தனை நிமிஷத்துல 4 டிகிரிக்கு இறக்குதுன்னு மணி பாப்பாங்க. படம் அனுப்பு. பேங்க்ல அடைக்க எவ்வளவுன்னு எழுத்துல வாங்கு, நீயே தவணையைக் கூட்டிப் பாத்துக் கணக்குப் போடாத, ரெண்டும் ஒத்து வராது.

சிப்புட் மாவுக்காரன், 21 ஆகஸ்ட், இரவு 10.05

லோரி அண்ணன் நேர்லயே வந்து தட்டிப் பாத்துட்டாரு. (தோசை சாப்பிட்டுட்டுப் போனாரு, ஓசியில.) 41,000-க்குப் போகும்னாரு. பேங்க் கடிதத்துல அடைக்க வேண்டியது 36,500. கையில 4,500 நிக்கும், மாசம் 950 தவணையும் நிக்கும்.

1,650-ல 950 போனா 700. இதுக்கா நான் மூன்றரைக்கு எழுந்திரிக்கிறேன்?

சிப்புட் மாவுக்காரன், 24 ஆகஸ்ட், மதியம் 2.30

இன்னொரு செய்தி. பக்கத்துக் கடையில கறிபப் செஞ்சு உறைய வச்சு விக்கிறவர், பின்பக்க அறையை மாசம் 1,000-க்குக் கேக்குறாரு. வாடகை குறையாதுன்னுதான் இவ்வளவு நாளும் அதைத் தொடல. ஆனா மாவு அந்த இடத்துல உக்காந்திருக்கிறதால 1,000 வராமப் போவுதே! 700-ல 1,000 போனா கழித்தல் 300.

மூடிடறேன். மனைவி சந்தோஷப்படுறா.

பந்திங் அக்கா, 24 ஆகஸ்ட், மாலை 4.10

அவசரப்படாத. மாவுக்காகக் கதவைத் திறக்கிற கடைக்காரன் முறுக்குக்காகத் திறப்பானா? தினமும் ஆள் வர்றதாலதான் "ரெண்டு பாக்கெட் முறுக்கும் வச்சிட்டுப் போ"ங்கிறான். என் அப்பளம் நின்னப்ப ஊறுகாய் விழுந்ததுக்குப் பாதிக் காரணம் அதுதான். அன்னைக்கு அதைச் சொல்ல மறந்துட்டேன். தப்பு முழுக்க ஏட்டுல இல்ல.

சிப்புட் மாவுக்காரன், 30 ஆகஸ்ட், இரவு 11.00

அக்கா சொன்னதை டிரைவர்கிட்ட கேட்டேன். மாவு வாங்குற கடைகள்ல முறுக்கு விக்கிறது மாசம் 2,600 வெள்ளிக்கு. அதுல சரக்குச் செலவு போக 45 விழுக்காடு நிக்கும், 1,170. டிரைவர் "பாதி போயிடும் பாஸ்"ங்கிறாரு. எனக்கு எல்லாம் போயிடும்னு தோணுது, மனைவிக்கு ஒண்ணும் போகாதுன்னு தோணுது. டிரைவர்தான் கடைக்காரங்க முகத்தைப் பாக்குறவர், பாதின்னே வச்சுக்குறேன், 585.

கழித்தல் 300-ல 585 கூட்டினா மறுபடியும் சாதகம், 285.

ஒரு மாசமா இந்தக் கணக்கு ஊஞ்சல் ஆடுது.

பெரிய கிராணி, 31 ஆகஸ்ட், காலை 11.00

இன்று சுதந்திர தினம், வீட்டில்தான் இருக்கிறேன், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலாவது, மூத்த அம்மா. முன்பக்கம் போய்விடுவார், அதனால் மிச்சமில்லை என்றீர்கள். தீபாவளிக்கு முன் முறுக்குக்கு ஆள் போதுமா? வெளியாள் எடுப்பீர்களே. அவர் முன்பக்கம் இருந்தால் அந்த வெளியாள் கூலி மிச்சம். சம்பளம் அவருக்குப் போய்க்கொண்டே இருந்தாலும், வேறு ஒருவருக்குப் போக வேண்டியது நிற்கிறது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, வேலையை விட்டு அனுப்பப் போகும் ஆள். எத்தனை வருடம்? ஐந்து வருடத்துக்கு மேல் என்றால் வருடத்துக்கு 20 நாள் சம்பளம் நட்ட ஈடு, 1980 விதிமுறைப்படி. இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 15 நாள், அதற்குக் கீழே 10 நாள், பன்னிரண்டு மாதம் முடியாதவருக்கு இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் எட்டு வார நோட்டீசும் கொடுக்க வேண்டும். ஆள்பல இலாகாவுக்கு முன்கூட்டியே பாரம் அனுப்ப வேண்டும், மறந்தால் தலைவலி. இது மாதாமாதம் வரும் செலவில்லை, மூடுவதால் மட்டுமே ஒருமுறை வரும் செலவு. 285-க்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

சிப்புட் மாவுக்காரன், 1 செப்டம்பர், இரவு 9.30

வெளியாள் எடுக்கிறது உண்மை. வருஷத்துக்கு 60 நாள் போல, நாளுக்கு 70 வெள்ளி, மொத்தம் 4,200. மாசத்துக்குப் பரப்பினா 350. 285-ல 350 போனா கழித்தல் 65.

அறுபத்தஞ்சு வெள்ளி! ஒரு மாசம் மண்டைய உடைச்சதுக்கு!

இன்னொருத்தர் ஆறு வருஷமா இருக்காரு, மாவு ஆரம்பிச்ச நாள்ல இருந்து. சம்பளம் 1,800, வருஷச் சம்பளத்தை 365-ஆல வகுத்தா நாளுக்கு 59 வெள்ளி சொச்சம், 120 நாளுக்கு 7,100. வேன் வித்த 4,500 கழிஞ்சாலும் கையில இருந்து 2,600 போகும். மாசம் 65 மிச்சம் பிடிச்சு 2,600-ஐ எடுக்க எத்தனை மாசம்னு தம்பி சொல்லட்டும்.

கணக்கு படிக்கும் பையன், 1 செப்டம்பர், இரவு 9.41

சரியா 40 மாசம்.

கணக்கு படிக்கும் பையன், 1 செப்டம்பர், இரவு 9.58

ஒண்ணு கேக்கணும். காலையில மூன்றரைக்கு எழுந்திரிக்கிறீங்களே, உங்க உழைப்புக்கு விலை எங்க? மூடினா அந்த நேரத்துல நீங்க வேற சம்பாதிக்கலாம்ல?

சிப்புட் மாவுக்காரன், 1 செப்டம்பர், இரவு 10.20

வேற என்ன சம்பாதிப்பேன், அந்த நேரத்துல ரப்பர் மரம் சீவத்தான் ஆள் வேணும், நம்ம தாத்தா செஞ்ச வேலை. ஆனா கேள்வி நியாயமானது. மனைவி இதை ஆறு வருஷமா கேக்குறா, வேற வார்த்தையில. அதுக்கு ஒரு எண் வைக்கத் தெரியல, வெறுமனே விட்டுட்டேன்.

தீபாவளி முடியட்டும், அப்புறம் வர்றேன். அடுப்பு கூப்பிடுது.

லோரிக்காரன், 19 அக்டோபர், இரவு 8.00

எல்லாருக்கும் தீபாவளி வாழ்த்து. வேன் இன்னும் இருக்கா?

சிப்புட் மாவுக்காரன், 2 நவம்பர், மாலை 5.00

இருக்கு அண்ணே. முறுக்கு நல்லாப் போச்சு.

இடையில ஒரு காரியம் பண்ணினேன். திரும்பி வர்ற 350 பாக்கெட்டை ஒண்ணொண்ணா எடுத்து எங்க இருந்து வருதுன்னு குறிச்சேன். பெரும்பாலும் ஆறே கடைதான். அதுல நாலு கடை ராத்திரி கரண்டு மிச்சம் பிடிக்கக் குளிர்பெட்டியை அணைச்சிடுறாங்க! காலையில மாவு பலூன் மாதிரி உக்காந்திருக்கு. இன்னொண்ணு என் தப்பு. புளிச்ச பிறகு பைக்குள்ள போட்டுக்கிட்டிருந்தேன். இப்ப ஆட்டின உடனே பையில போட்டு நேரா குளிர் அறைக்கு, 4 டிகிரியில இறங்கின பிறகுதான் வண்டி. புளிக்க வைக்கிறது வாங்கினவங்க வீட்டுல. பையிலயும் அது எழுதி இருக்கு. அணைக்கிற நாலு கடைக்கும் பாதி பாக்கெட்தான் குடுக்குறேன்.

அக்டோபர்ல திரும்பி வந்தது 90. 260 பாக்கெட் குறைஞ்சுது, 3.80-ஆல பெருக்கினா 988 வெள்ளி கூடுதல்!

பெரிய கிராணி, 3 நவம்பர், மாலை 6.40

988 இல்லை. அந்த 260-ம் இப்போது விற்கிறதா, அல்லது அனுப்பாமலே விட்டீர்களா?

சிப்புட் மாவுக்காரன், 3 நவம்பர், இரவு 9.00

பாத்துட்டேன். அனுப்புறதே 5,000-ல இருந்து 4,740-க்கு இறங்கி இருக்கு. அப்ப விக்கிறது அதேதான், ஆட்டாமப் போனதுதான் மிச்சம். 260-ஐ 2.40-ஆல பெருக்கினா 624. ஐயா முன்னாடி எந்த எண்ணையும் சந்தோஷமா சொல்ல முடியல.

சிப்புட் மாவுக்காரன், 16 நவம்பர், இரவு 10.30

கறிபப்காரருக்கு இடம் விட முடியாது. வாடகை ஒப்பந்தத்துல உள்வாடகைக்கு எழுத்துல சம்மதம் வேணும்னு இருக்கு. வீட்டுக்காரர் மாட்டேங்கிறாரு. ஆக அந்த 1,000 வெறும் பேச்சு. கழித்தல் 65-ல 1,000 கூட்டினா 935, அதோட 624, மொத்தம் சுமார் 1,560 மாவுக்குச் சாதகம்.

ஆனா அதே மூச்சுல அவர் ஒண்ணு சொன்னாரு. ஒப்பந்தம் மார்ச்ல முடியுது. புதுசா எழுதினா முழு இடமும் 3,300. இல்ல, பின்பக்கத்தைத் தடுத்துத் தர்றேன், முன்பக்கம் மட்டும் 2,000.

அப்ப வாடகை ஆகஸ்ட்ல தவிர்க்க முடியாதது, மார்ச்ல 1,300 தவிர்க்கக் கூடியது! 1,560-ல 1,300 போனா 260. தவிர்க்க முடியும் முடியாதுங்கிறது செலவோட குணம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அது தேதியில இருக்கு.

பந்திங் அக்கா, 17 நவம்பர், காலை 6.15

தடுக்கிற செலவு, குளிர் அறையைக் கழட்டுற செலவு யாரோடது? எழுதி வாங்கு.

சிப்புட் மாவுக்காரன், 17 நவம்பர், இரவு 9.50

கேக்கல, நாளைக்குக் கேக்குறேன் அக்கா.

இன்னைக்கு இன்னொண்ணு. ஆறு வருஷமா இருக்கிறவர் பொங்கல் முடிஞ்சு மகளோட ஜோகூர் போறாராம், அவராகவே. அப்ப 7,100 நட்ட ஈடு இல்ல. அதுக்கப்புறம் மூடினா எனக்குச் செலவு இல்ல, மூடாட்டி புது ஆளைப் பழக்கணும். மாவு ஆட்டுற கை ஒரு மாசத்துல வராது, முதல் மாசம் உளுந்து பொங்காமப் பாதி வீணாகும். அந்த வீணுக்கு எவ்வளவு வைக்கிறது?

பெரிய கிராணி, 18 நவம்பர், மாலை 6.00

முன்னால் அவர் சேர்ந்த முதல் மாதம் எவ்வளவு வீணானது என்று 2019 ரசீதில் இருக்கும். அப்போதைய உளுந்து விலையை எடுக்காதீர்கள், பாக்கெட் எண்ணிக்கையை மட்டும் எடுங்கள்.

சிப்புட் மாவுக்காரன், 18 நவம்பர், இரவு 11.10

2019 ரசீதுல பாதியை எலி தின்னுடுச்சு ஐயா. மிச்சத்தைத் தேடிக்கிட்டு இருக்கேன்.

லோரிக்காரன், 19 நவம்பர், காலை 7.05

அப்ப வேன் மார்ச்லயா?